களத்தை மூடும் இருபது நிமிடம்

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் சாலையில் போனால் இரு மருங்கிலும் தேங்காய்க் களங்கள் தெரியும். மட்டை உரித்து வந்த தேங்காயை இரண்டாக உடைத்து வெயிலில் கவிழ்த்தும் மலர்த்தியும் போட்டிருப்பார்கள். சற்றுக் காய்ந்ததும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தொட்டி என்னும் ஓட்டிலிருந்து பருப்பைப் பெயர்த்தெடுப்பார்கள். பெயர்த்த பருப்பு மறுபடியும் சில நாள் வெயில் குடிக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் கொப்பரை என்று சொல்வதை இங்கே பருப்பு என்றுதான் சொல்கிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள எண்ணெய் ஆலைகளுக்குப் போவது இந்தப் பருப்புதான்.

களம் என்பது வெயிலுக்காகவே செய்த இடம். நிழல் விழக் கூடாது என்பதால் மரம் இருக்காது, கட்டடம் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். சுற்றிலும் கிளுவை வேலி போட்ட கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். நடுவே அங்கங்கே ஒற்றை வெள்வேல மரம். ஆள் நின்றால் அவரே உயரம். மின்னலுக்கு இதைவிட வாகான இடம் இந்தப் பகுதியில் குறைவு.

இப்படிப்பட்ட திறந்தவெளியில் தொழிலாளர்கள் மின்னலில் அடிபட்டால், அடுத்த நாள் செய்தியில் ஏறத்தாழ ஒரே வாக்கியம்தான் வருகிறது: மழைக்கு ஒதுங்கியபோது மின்னல் தாக்கியது. காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் எழுதப்படுவதும் இதே நீளம்தான். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எச்சரிக்கை எப்போது வந்தது, யாருக்கு வந்தது, ஒதுங்குவதற்கு என்ன இருந்தது, அது எத்தனை அடி தொலைவில் இருந்தது, அதற்கு முந்தைய இருபது நிமிடம் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற ஐந்து செய்திகளும் அதில் இல்லை. அந்த இருபது நிமிடத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

மழை வரப்போகிறது என்றால் வயலில் வேலை செய்பவர் வீட்டுக்குத் திரும்புவார். களத்தில் நடப்பது நேர்மாறானது. பாதி காய்ந்த பருப்பு நனைந்தால் பூசணம் பிடிக்கும், நிறம் மங்கும், விலை விழும். ஆகவே மேகம் திரண்டதும் உட்கார்ந்து பருப்பெடுப்பவர்களும் எழுந்து களத்துக்குள் ஓடுகிறார்கள். பரப்பியிருப்பதைக் கூட்டிக் குவிக்க வேண்டும், தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும், ஓரங்களில் கல் வைக்க வேண்டும். மற்ற இடங்களில் மழை ஆட்களை உள்ளே அனுப்புகிறது. களத்தில் வெளியே அனுப்புகிறது. மின்னல் பாதுகாப்பு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் உழவரையும் மாடு மேய்ப்பவரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இந்தத் தலைகீழ் ஓட்டத்தை அவை கணக்கில் கொள்வதில்லை.

கொங்கு நாட்டில் இது பெரும்பாலும் கோடை மழைக் காலத்துச் சிக்கல். ஏப்ரல், மே மாதங்களில் காலையிலிருந்து நிலம் காய்கிறது. மேற்கே மலைத்தொடர் விட்டுக்கொடுத்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வருகிறது. பிற்பகலில் அந்த ஈரம் சூடேறி மேலெழுந்து, இரண்டு மூன்று மணிக்குமேல் இடிமேகமாகக் கட்டுகிறது. ஆடி மாதத்தில் அதே கணவாய் வழியாக வரும் காற்று பலமானதுதான், ஆனால் அப்போது இடி குறைவு. ஐப்பசியை ஒட்டி மறுபடி இடி வரும். பருப்புக்கு நல்ல வெயில் கிடைக்கும் மாதங்களும் கோடை இடி விழும் மாதங்களும் ஒன்றாகவே இருப்பது களத்தின் கெடுவாய்ப்பு.

இனி ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இது நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி அல்ல. களத்தின் வேலைமுறையையும் மின்னலின் போக்கையும் வைத்து நானே வரைந்துகொண்ட நாள்.

சித்திரை மாதத்துப் பிற்பகல். களத்தில் ஒன்பது பேர்: பருப்பெடுக்கும் பெண்கள் ஆறு பேர், வடமாநிலத்து இளைஞர்கள் இரண்டு பேர், ஒரு மேஸ்திரி. 2.10 மணிக்கு வானிலை ஆய்வு மையத்தின் உடனடி எச்சரிக்கை வருகிறது: அடுத்த மூன்று மணி நேரத்தில் திருப்பூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு. அது களத்து உரிமையாளரின் கைபேசிக்கு வருகிறது. அவர் சந்தையில் இருக்கிறார். 3.05க்கு மேற்கே முதல் உறுமல். மேஸ்திரி நிமிர்ந்து பார்க்கிறார். தலைக்கு மேலே வெயில் அடிக்கிறது. 3.15க்குப் புழுதிக்காற்று. “அக்கா, எழுந்திருங்கள், மூடிவிடலாம்” என்கிறார். 3.28க்கு முக்கால் பங்கு மூடியாகிவிட்டது. பெருந்துளி விழுகிறது. கிடங்கு பூட்டியிருக்கிறது, சாவி உரிமையாளரிடம். நான்கு பேர் தகரக் கொட்டகைக்கு ஓடுகிறார்கள். மூன்று பேர் வேலியோரத்து வெள்வேல மரத்தை நோக்கிப் போகிறார்கள். இருவர் கடைசித் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 3.30க்கு மரத்தில் இடி விழுகிறது. ஐந்து பேர் கீழே விழுகிறார்கள்.

முதலில் எச்சரிக்கையைப் பார்ப்போம். 2.10க்கு வந்த செய்தி பொய்யானது அல்ல. பயன்படுத்தத் தெரியாவிட்டால் பயனற்றது, அவ்வளவுதான். திருப்பூர் மாவட்டத்தின் பரப்பு ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதில் ‘ஓரிரு இடங்கள்’ என்றால், அந்த ஓரிடம் நம் களமாக இருக்கும் நாள்கள் குறைவு. சித்திரையில் வாரத்துக்குப் பல முறை இதே வாசகம் வரும். ஒவ்வொரு முறையும் களத்தைச் சுருட்டினால் பருப்பு காயாது என்று உரிமையாளர் சொல்வது நியாயமே. ஆகவே அந்தச் செய்தியை ‘வேலையை நிறுத்து’ என்று படிக்க வேண்டியதில்லை. ‘மேற்கே பார்த்துக்கொண்டிரு, கிடங்கைத் திறந்து வை, இனிமேல் புதிதாக எதையும் பரப்பாதே’ என்று படிக்க வேண்டும். மூன்று மணி நேர எச்சரிக்கைக்கு உரிய வேலை அதுதான்.

அடுத்த கட்டத்துக்கு நெருங்கிய செய்தி வேண்டும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் உணர்கருவிகளை வைத்து மின்னல் விழும் இடங்களைக் குறிக்கிறது. அந்த நிறுவனத்தின் தாமினி செயலியில் நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் சற்றுமுன் எங்கே மின்னல் விழுந்தது என்று தெரியும். ஆனால் அது சந்தையில் இருக்கும் உரிமையாளரின் கைபேசியில் இருந்து பயனில்லை. களத்தில் இருக்கும் ஒருவரிடம், களத்தின் இருப்பிடத்தைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதுவும் பருப்பெடுக்கும் வேலையில் இல்லாத, நிமிர்ந்து பார்க்கக்கூடிய ஒருவரிடம். தமிழில் வரும் குறுஞ்செய்தி அந்த இரண்டு வடமாநில இளைஞர்களுக்குச் செய்தியே அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவர்களுக்குப் புரிவது ஒரு விசில் அல்லது தட்டுமணி.

செயலி ஒன்றும் இல்லாவிட்டாலும் 3.05க்குக் கேட்ட உறுமல் ஓர் எச்சரிக்கை. உண்மையில் இருப்பதிலேயே மிக நம்பகமான எச்சரிக்கை அதுதான். இடியோசை வழக்கமாகப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் காதுக்கு எட்டும். மின்னலோ மழை பெய்யும் இடத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியும் விழக்கூடியது. இரண்டையும் சேர்த்தால், இடி கேட்கிறது என்றாலே நாம் அதன் எட்டுக்குள் இருக்கிறோம் என்றாகிறது, தலைக்கு மேலே வெயில் அடித்தாலும். ஒளிக்கும் ஒலிக்கும் இடையே எண்ணுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடி என்றால் பத்து கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்துவிட்டால் உள்ளே இருந்தாக வேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. பகல் வெளிச்சத்தில் மின்னொளி தெரியாமல் ஓசை மட்டும் கேட்கும்போது எண்ண முடியாது. அப்போது கேட்டதையே விதியாகக் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இடிமேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து கிலோமீட்டரைக் கடக்க அதற்கு இருபது நிமிடம். களத்தை மூட நம் ஒன்பது பேருக்கும் ஏறத்தாழ இருபது நிமிடம். முதல் இடியில் மூடத் தொடங்கினால் கடைசித் தார்ப்பாயும் மேகமும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும். நம் மேஸ்திரி முதல் இடிக்கும் பத்து நிமிடம் கழித்து, புழுதிக்காற்றில்தான் தொடங்கினார். அவர் சோம்பேறி அல்ல. காற்றைப் பார்த்துக் களத்தை மூடுவதே பரம்பரை வழக்கம், பருப்புக்கு அது போதும். மழைக்கு முன் மூடிவிடலாம். ஆனால் மின்னல் மழைக்கு முன்னே வருகிறது.

ஆகவே மூடும் வேலை இடிக்கு முன்பே, மேற்கே மேகம் தலைதூக்கும்போதே தொடங்க வேண்டும். அதற்காகத்தான் அந்த 2.10 செய்தி. இடி கேட்டபின் எவ்வளவு மூடியிருக்கிறதோ அவ்வளவோடு விட்டுவிட்டு வர வேண்டும். மூடாமல் விட்ட கால் பங்குப் பருப்புக்கு ஒரு விலை உண்டு. அதை யார் ஏற்கிறார் என்பதை உரிமையாளர் முன்கூட்டியே, எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தால்தான் மேஸ்திரியால் “விடுங்கள்” என்று சொல்ல முடியும். சொல்லாத களத்தில் அவர் சொல்ல மாட்டார்.

அடுத்து ஒதுங்கும் இடம். பெரும்பாலான தொழிலிடங்களில் ‘தொழிலாளர்களுக்கு ஒதுங்குமிடம் உண்டு’ என்று எழுதப்படுவது வெயிலுக்கு ஒதுங்குமிடம். நான்கு இரும்புக் குழாய், மேலே தகரம், சுவர் கிடையாது. மழைக்கும் அது உதவும். மின்னலுக்கு அதை நம்பக் கூடாது. அடி தகரத்தில் விழுந்தால் மின்னோட்டம் குழாய் வழியே மண்ணுக்கு இறங்கும். குழாயில் சாய்ந்திருப்பவருக்குள் பாயும். மண் தரையில் நிற்பவர்களின் காலடியில் பரவும். நான்கு புறமும் சுவரும் கூரையும் உள்ள, மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடுகிற கட்டடம்தான் ஒதுங்குமிடம். கம்பியும் குழாயும் மின்னோட்டத்தை மண்ணுக்கு எடுத்துப் போகின்றன. அதனால்தான் உள்ளே இருக்கும்போது அவற்றைத் தொடாமல் இருக்க வேண்டும். அடுத்தபடியாக, கண்ணாடி ஏற்றிய லாரியின் கேபினும் இரும்புக் கூரையுள்ள காரும். லாரியின் திறந்த பின்புறம் அல்ல. லாரிக்கு அடியிலும் அல்ல.

நம் களத்தில் கொட்டகை, கட்டடம் இரண்டும் இருந்தன. கிடங்கு இருந்தது, பூட்டியிருந்தது. விபத்துக்குப் பின் ஆய்வு செய்பவர் கிடங்கைப் பார்த்து ‘ஒதுங்குமிடம் உண்டு’ என்று எழுதினால் அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. மின்னல் காலத்தில் சாவி களத்தில் இல்லாத கிடங்கு கட்டடமே அல்ல.

இடிதாங்கி பற்றியும் ஒரு வார்த்தை. ஆலைப் புகைபோக்கியின் மேலே ஒரு கம்பி நிற்பதைக் காட்டி, களத்துக்கும் அதுவே காவல் என்று சிலர் நம்புகிறார்கள். ஒரு சாதாரண இடிதாங்கி காப்பது தன் உயரத்தை ஒட்டிய வட்டத்தைத்தான். பத்து மீட்டர்க் கம்பியென்றால் சுற்றிலும் ஏறத்தாழ பத்து மீட்டர். சுற்றிலும் நூறு மீட்டரைக் காக்கும் என்று சொல்லி விற்கப்படும் தனிவகைக் கருவிகளும் உண்டு. இந்தியா ஏற்றுக்கொண்டுள்ள பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 62305, இடிதாங்கி காக்கும் எல்லையை அதன் உலோகப் பரிமாணத்தை மட்டும் வைத்தே கணக்கிடச் சொல்கிறது. அந்தக் கூடுதல் எல்லையை அது ஏற்பதில்லை. கிடங்குக்கு இடிதாங்கி போடுவது நல்லது. திறந்த களத்துக்கு அதைச் சொல்லி ஆட்களை வெளியே நிறுத்துவது கூடாது.

3.30க்கு நடந்ததற்கு வருவோம். மரத்தடியில் மூன்று பேர், ஆனால் விழுந்தது ஐந்து பேர். தார்ப்பாயைப் பிடித்திருந்த இருவரும் மரத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி இருந்தார்கள். அவர்கள் மேல் மின்னல் விழவில்லை. மின்னலில் அடிபடுபவர்களில் நேரடியாக உச்சியில் வாங்குபவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் என்பது மருத்துவ நூல்களின் மதிப்பீடு. ஏறத்தாழ பாதிப்பேரை அடிப்பது நிலத்தில் பரவும் மின்னோட்டம். மரத்தடியில் நின்றவர்களுக்கு மரத்திலிருந்து தாவுகிற பக்கப்பாய்ச்சலும் சேர்கிறது.

நிலத்தில் பரவுவது எப்படி? ஒரு சராசரி மின்னல் முப்பதாயிரம் ஆம்பியர். அது மரத்தின் வேரடியில் மண்ணுக்குள் இறங்கி எல்லாத் திசையிலும் விரியும்போது, அருகில் மின்னழுத்தம் அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். இரண்டு கால்களும் வெவ்வேறு தொலைவில் இருந்தால், அந்த வேறுபாடு ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். ஓரளவு ஈரமான மண்ணை வைத்துக் கணக்கிட்டால், பத்து மீட்டர் தொலைவில் அரை மீட்டர் அகலமாகக் கால் வைத்து நிற்பவரின் கால்களுக்கிடையே இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும். ஐந்து மீட்டரில் எட்டாயிரத்துக்கு மேல். காங்கேயம் பக்கத்துக் காய்ந்த சரளை மண் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அங்கே இந்த எண்கள் இன்னும் கூடும். தார்ப்பாயை இழுப்பவர் கால்களை அகல ஊன்றித்தான் இழுக்க முடியும். கொரங்காட்டு மாடுகள் மரத்தடியில் கூட்டமாகச் செத்துக் கிடப்பதற்கும் காரணம் இதுவே. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே இடைவெளி அதிகம், நடுவே இதயம்.

இதிலிருந்து ஒரு பயன் உண்டு. எங்கும் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் கால்களை ஒட்டி வைத்துக் குந்த வேண்டும், படுக்கக் கூடாது, ஒருவரையொருவர் தொடக்கூடிய நெருக்கத்தில் நிற்கக் கூடாது. இது பாதுகாப்பு அல்ல; தீங்கைக் கொஞ்சம் குறைப்பது, அவ்வளவுதான்.

விழுந்த ஐந்து பேரில் மூவர் முனகுகிறார்கள். ஒருவருக்கு இரண்டு கால்களும் அசையவில்லை. நீலம் பாய்ந்து சில்லென்று இருக்கின்றன. அவர் கத்துவதால் எல்லோரும் அவரிடம் ஓடுகிறார்கள். ஐந்தாமவர் அசையாமல் கிடக்கிறார், மூச்சில்லை. ‘போய்விட்டார்’ என்று நினைத்து விட்டுவிடுவது இந்தத் தருணத்தில்தான்.

மின்னலில் முதலில் கவனிக்க வேண்டியவர் செத்தவர்போல் கிடப்பவர். மற்ற விபத்துகளில் உள்ள வரிசை இங்கே தலைகீழ். மின்னல் இதயத்தை ஒரு கணம் நிறுத்துகிறது. இதயம் பலமுறை தானாகவே திரும்பத் துடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதி அதற்குள் மீளாது. மூச்சில்லாததால் துடிக்கத் தொடங்கிய இதயம் மறுபடி நிற்கிறது. அந்த இடைவெளியில் யாராவது மார்பை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, அழுத்தம் நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், 108 வரும்வரை. அவர் உடலில் மின்சாரம் மிஞ்சியிருக்காது, தயங்காமல் தொடலாம். முனகுபவர்கள் மூச்சுவிடுகிறார்கள், அவர்கள் காத்திருக்கலாம். நீலம் பாய்ந்த கால்கள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தாமாகவே திரும்பும். மின்னல் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் சுருக்கிப்போடுவதால் வருவது அது. மறுபடியும் இடி விழும் இடமாக இருந்தால் முதலில் எல்லோரையும் கிடங்குக்குள் தூக்கிக்கொண்டு போக வேண்டும், பூட்டை உடைத்தாவது.

பிறகு பதிவு. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஏறுவது பெரும்பாலும் படுத்த நிலையில் வந்தவர்களின் பெயர்தான். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லிக் களத்திலேயே நின்றுவிட்டவர்களின் பெயர் ஏறுவதில்லை. மின்னலில் செவிப்பறை கிழிவது வழக்கம். அன்று காது அடைத்தாற்போலத்தான் இருக்கும். கண்ணில் புரை மாதங்கள் கழித்தும் வரலாம். மறதி, தூக்கமின்மை, கைகால் எரிச்சல் பின்னால் தொடங்கலாம். அப்போது ‘அன்று நானும் அங்கே இருந்தேன்’ என்பதற்கு அவரிடம் ஒரு தாளும் இருக்காது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வேலையினிடையேயும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த காயமா என்று கேட்டது; அதற்குப் பதிலாக 2025இல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதையே கேட்கிறது. மின்னல் எல்லோர் மேலும் விழும், வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது. மழைக்கு ஒதுங்கியபோது விழுந்தது என்ற ஒற்றை வாக்கியம் அந்த வாதத்துக்குத்தான் துணைபோகும். ‘மேஸ்திரி சொல்ல, மரமில்லாத களத்தில் தார்ப்பாய் மூடிக்கொண்டிருந்தார்; கிடங்கு பூட்டியிருந்தது’ என்ற வாக்கியம் வேலையையும் ஆபத்தையும் ஒன்றாகக் கட்டுகிறது.

அதனால் களத்துக்கு ஒரு சாதாரண நோட்டு போதும் என்பது என் எண்ணம். கோடையில் இடி வாய்ப்பு அறிவித்த ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். செய்தி வந்த நேரம், அதைப் படித்தவர், கிடங்கு திறந்த நேரம், மூடத் தொடங்கிய நேரம், முதல் இடி, கடைசி ஆள் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். விபத்து இல்லாத நாளிலும் எழுத வேண்டும். நான்கைந்து பக்கம் ஆனதும், முதல் இடிக்கும் கடைசி ஆளுக்கும் இடையே எத்தனை நிமிடம் ஆகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் பன்னிரண்டு, ஒரு நாள் பத்தொன்பது என்று வந்தால், அந்தக் களம் இன்னும் அடிபடாதது தற்செயல் என்று பொருள். அந்த எண் சுழியத்துக்கு வரும்வரை மூடத் தொடங்கும் நேரத்தை முன்னே நகர்த்த வேண்டும், அல்லது பரப்பும் அளவைக் குறைக்க வேண்டும்.

வெளியே போகும் நேரத்துக்கும் விதி உண்டு. கடைசியாகக் கேட்ட இடியிலிருந்து முப்பது நிமிடம். இடையில் ஒன்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து முப்பது. மழை விட்டதும் தார்ப்பாயை விலக்கி ஈரத்தை ஆற்ற ஓடுவது இந்த அரை மணியில்தான், பின்வாங்கும் மேகம் அடிப்பதும் இந்த அரை மணியில்தான். பருப்பெடுக்கும் பெண்கள் பலருக்கும் எடுத்த அளவுக்குத்தான் கூலி. கிடங்குக்குள் உட்கார்ந்திருக்கும் முப்பது நிமிடம் அவர்கள் கையிலிருந்து போகிறது, அதனால்தான் முதலில் எழுந்து போகிறவர்களும் அவர்களே. நோட்டின் கடைசிப் பத்தியில் அந்த அரை மணிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று ரூபாயில் எழுதி, வாங்கியவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.